முகூர்த்த வீடியோ மட்டும் பென்டிரைவில் இல்லை: exFAT, NTFS, துண்டு போடுதல் – எதைத் தேர்ந்தெடுப்பது?

கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்கள் இப்போது பென்டிரைவில்தான் கொடுக்கின்றன. டிவிடி பிளேயர் பல வீடுகளில் இல்லை, டிவியில் யூஎஸ்பி துளை இருக்கிறது, அதனால் இது எல்லோருக்கும் வசதி. ஆனால் இந்த வழக்கத்தோடு ஒரு கோளாறும் சேர்ந்து வந்திருக்கிறது. வீட்டில் போய்ச் செருகினால் போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன, ஹைலைட்ஸ் அழகாக ஓடுகிறது, முகூர்த்த வீடியோவைக் காணோம். அல்லது பெயர் தெரிகிறது, தொட்டால் திறப்பதில்லை. பென்டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, எந்த இடத்திலும் பிழை என்று ஒரு வார்த்தையும் இல்லை.

இதற்குப் பெரும்பாலும் காரணம் பென்டிரைவ் FAT32 முறையில் ஃபார்மட் ஆகியிருப்பது. அந்த முறையில் ஒரு ஃபைல் 4,294,967,295 பைட்டுக்கு மேல் இருக்க முடியாது. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. பென்டிரைவ் 64 ஜிபியாக இருந்தாலும், 256 ஜிபியாக இருந்தாலும் தனி ஃபைலுக்கு இதுதான் எல்லை.

எல்லை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பின்னால் சொல்வதெல்லாம் எளிதாகப் புரியும். FAT32 ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவை வைத்துக்கொள்கிறது. பெயர், தேதி, எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃபைலின் அளவை எழுத அந்தப் பதிவில் ஒதுக்கியது 4 பைட், அதாவது 32 பிட். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதைவிடப் பெரிய எண்ணை எழுத அங்கே இடமே இல்லை. FAT32 வந்தது 1996-இல், விண்டோஸ் 95-இன் பிந்தைய பதிப்பு ஒன்றோடு. அன்றைக்கு விற்ற ஹார்ட் டிஸ்க்குகளே பெரும்பாலும் அந்த அளவைத் தொடவில்லை என்பதால் யாருக்கும் இது குறையாகத் தோன்றியிருக்காது.

ஒரு சாதாரணக் கல்யாண ஃபோல்டரை எடுத்துக்கொள்வோம். எடிட் முடிந்து வினாடிக்கு 12 மெகாபிட் வீதத்தில் எக்ஸ்போர்ட் செய்த வீடியோக்கள்: நிச்சயதார்த்தம் 30 நிமிடம், ரிசப்ஷன் 85 நிமிடம், முகூர்த்தம் 110 நிமிடம், ஹைலைட்ஸ் 6 நிமிடம். 12 மெகாபிட் என்றால் வினாடிக்கு 1.5 எம்பி. அப்படியானால் நிச்சயதார்த்தம் 2.7 ஜிபி, ரிசப்ஷன் 7.65 ஜிபி, முகூர்த்தம் 9.9 ஜிபி, ஹைலைட்ஸ் அரை ஜிபிக்குச் சற்று மேல். தலா 8 எம்பி கொண்ட 1,400 போட்டோக்கள் 11.2 ஜிபி. மொத்தம் 32 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவில் இது தாராளமாகப் பிடிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

FAT32 பென்டிரைவில் போட்டால் ரிசப்ஷனும் முகூர்த்தமும் போகாது. மீதி 14.4 ஜிபி ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆயிரத்து நானூறு ஃபைலில் இரண்டுதான் இல்லை, அந்த இரண்டும் கல்யாணத்தின் முக்கால் பங்கு. இந்தக் கோளாறு எப்போதும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கும். நீளமானது, முக்கியமானது, அதுதான் விடுபடும். சரிபார்க்கிறவர் வழக்கமாகத் திறந்து பார்ப்பது சின்ன ஃபைலைத்தான், அது நன்றாக ஓடும்.

வினாடிக்கு 12 மெகாபிட் வீதத்தில் 47 நிமிடத்தைத் தாண்டும் எந்த வீடியோவும் இந்த எல்லையில் இடிக்கும். 8 மெகாபிட் என்றால் 71 நிமிடம், 20 மெகாபிட் என்றால் 28 நிமிடம். 50 மெகாபிட்டில் எடுத்த 4கே வீடியோவுக்குப் பதினோரு நிமிடம்தான். இதனால்தான் பல கேமராக்கள் FAT32 கார்டில் பதியும்போது தாங்களாகவே 4 ஜிபிக்கு ஒரு ஃபைல் என்று வெட்டிக்கொண்டே போகின்றன. கேமராவுக்கு எல்லை தெரியும், வெட்டத் தெரியும். காப்பி செய்யும் கணினிக்கு வெட்டும் வேலை கிடையாது, அது மறுத்துவிடும்.

மறுத்தால் சொல்ல வேண்டாமா என்று கேட்கலாம். சொல்லும், ஆனால் கேட்கும் இடத்தில் ஆள் இருப்பதில்லை. விண்டோஸில் ஃபைலை இழுத்துப் போட்டால் `The file is too large for the destination file system` என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். ஆயிரக்கணக்கான போட்டோக்களோடு சேர்த்துக் காப்பி போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர் திரும்பி வந்து, அதை இன்னொரு ‘ஏற்கெனவே இருக்கிறது’ கேள்வி என்று எண்ணி `Skip` அழுத்திவிடுவார். எல்லாவற்றுக்கும் இதையே செய் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால் இரண்டாவது ஃபைலுக்குக் கேள்வியே வராது. காப்பி முடிந்ததும் பெட்டி மறைந்துவிடும், தவிர்த்த ஃபைல்களின் பட்டியல் எதுவும் மிஞ்சாது. விண்டோஸ் எழுதத் தொடங்கும் முன்பே அளவைப் பார்த்துவிடுவதால் பென்டிரைவில் அரைகுறை ஃபைல்கூட இருக்காது. அந்தப் பெயரே இருக்காது.

லினக்ஸில் நடப்பது வேறு. `cp` கட்டளை எல்லை வரை எழுதிக்கொண்டே போய், அங்கே `File too large` என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போகும். பென்டிரைவில் சரியாக 4,294,967,295 பைட் நீளமுள்ள ஒரு வெட்டுப்பட்ட ஃபைல் நிற்கும். பெயர் சரி, ஐகான் சரி, அளவும் பெரிதாகத்தான் தெரியும். `rsync` இன்னொரு விதம்: அந்த ஃபைலில் இடித்ததும் முழு வேலையையும் நிறுத்திவிடும், அதற்குப் பின்னால் வரிசையில் இருந்த சின்ன ஃபைல்களும் போயிருக்காது. ஒரு ஸ்கிரிப்ட் இதை ஓட்டி, முடிவுக் குறியீட்டைப் பார்க்காமல் ‘முடிந்தது’ என்று எழுதினால் யாருக்கும் தெரிய வழியில்லை. விண்டோஸின் `robocopy` விஷயத்தில் தொல்லை எதிர்த் திசையில் வரும். அதன் இயல்பான அமைப்பு, தோற்ற ஃபைலை 30 வினாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை திரும்ப முயல்வது. ஜன்னல் உறைந்துபோனது போலத் தெரியும், சலித்துப்போய் மூடிவிடுவார்கள், மீதி ஃபைல்கள் நடுவில் நின்றுபோகும்.

வெட்டுப்பட்ட ஃபைல் வீட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதன் வகையைப் பொறுத்தது. .mp4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. பல கருவிகள் அதைக் கடைசியில் எழுதுகின்றன. கடைசிப் பகுதி வெட்டுப்பட்டால் அட்டவணை போய்விடும், உள்ளே 47 நிமிடக் காட்சி இருந்தும் டிவி ஒரு நொடிகூடக் காட்டாது. அட்டவணை முன்னால் இருக்கும்படி எக்ஸ்போர்ட் செய்திருந்தால் வீடியோ தொடங்கும், 47-ஆம் நிமிடத்தில் பட்டென்று நிற்கும். .mkv ஃபைல் பொதுவாக ஓடும், ஆனால் முன்னே பின்னே தாவ மறுக்கலாம். ஆக, ‘ஃபைல் கெட்டுப்போய்விட்டது’ என்று வரும் புகாரில் முதலில் கேட்க வேண்டியது அதன் அளவைத்தான். வலது கிளிக் செய்து `Properties` பார்த்தால் அடைப்புக்குறிக்குள் முழு பைட் எண்ணிக்கை இருக்கும். அது 4,294,967,295 என்று இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கிட்டத்தட்ட இதே புகாரைத் தரும் இன்னொரு கோளாறும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி சிப் வைத்த போலிப் பென்டிரைவில் பெயரும் அளவும் சரியாகவே தெரியும், 2 ஜிபி ஃபைல்கூடத் திறக்காது. அங்கே ஃபார்மட்டை மாற்றிப் பயனில்லை. சின்ன ஃபைல்களும் கெட்டிருக்கின்றனவா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

பென்டிரைவ் எந்த முறையில் இருக்கிறது என்று அறிய விண்டோஸில் டிரைவை வலது கிளிக் செய்து `Properties` திறந்தால் `File system` என்ற வரியில் எழுதியிருக்கும். லினக்ஸில் `lsblk -f`, அங்கே FAT32 என்பது `vfat` என்று தெரியும். 32 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ளவை கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் FAT32. அதற்கு மேல் உள்ளவற்றில் FAT32-உம் exFAT-உம் கலந்து வருகின்றன, அதனால் அட்டையில் உள்ள அளவைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். காப்பி போடும் முன் ஃபோல்டரில் எல்லையைத் தாண்டும் ஃபைல் எதுவும் உண்டா என்று பவர்ஷெல்லில் ஒரே வரியில் பார்த்துவிடலாம்:

```
Get-ChildItem D:\Kalyanam -Recurse -File | Where-Object Length -gt 4294967295
```

இது எதையும் காட்டாவிட்டால் FAT32-ஐ மாற்ற வேண்டியதே இல்லை, அப்படியே போடலாம். ஏதாவது காட்டினால் முடிவெடுக்க வேண்டும். இருக்கிற வழிகள்: exFAT-க்கு மாறுவது, NTFS-க்கு மாறுவது, FAT32-லேயே இருந்துகொண்டு வீடியோவைத் துண்டு போடுவது. ஜிப் போல ஆர்க்கைவாகப் பிரிப்பதும், வீடியோவைச் சுருக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதும் உண்டு என்றாலும் இந்த வேலைக்கு அவை இரண்டாம் தரம்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

exFAT

இது 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, பென்டிரைவ், மெமரி கார்டு போன்றவற்றுக்காகவே செய்தது. ஃபைல் அளவை எழுத 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் இருப்பதால் வீடியோவைப் பொறுத்தவரை எல்லை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கர்னலிலும் சேர்ந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகளுக்கு இதுதான் நியமம் என்பதால் கேமராக்காரர்களுக்கு இது பழகிய பெயர்.

மாற்றுவதும் எளிது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, டிரைவை வலது கிளிக் செய்து `Format`, `File system` என்ற இடத்தில் exFAT, `Allocation unit size` இயல்பாக இருப்பது, `Quick Format` டிக். கட்டளையாக வேண்டுமென்றால்:

```
format E: /FS:exFAT /Q
```

ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதால் டிரைவ் எழுத்தை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். FAT32-இலிருந்து exFAT-க்கு உள்ளடக்கத்தை அழிக்காமல் மாற்றும் வழி விண்டோஸில் கிடையாது.

மேக்கில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க் யூடிலிட்டியில் முழு டிரைவையும் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது `Scheme` என்று ஒரு கேள்வி வரும். அதில் `Master Boot Record` தேர்ந்தெடுக்க வேண்டும். `GUID Partition Map` என்று விட்டுவிட்டால் கணினிகள் படிக்கும், பல டிவிகள் பென்டிரைவ் செருகியதையே கண்டுகொள்ளாது. அப்போது பழி exFAT மேல் விழும், உண்மையில் குற்றம் பகிர்வு அட்டவணையில் இருக்கும்.

இதன் குறை இரண்டு. ஒன்று, பழைய டிவிகளிலும் கார் ஸ்டீரியோக்களிலும் exFAT தெரியாதவை இன்னும் நிறைய இருக்கின்றன. கையேட்டில் யூஎஸ்பி பகுதியில் ஆதரிக்கும் முறைகளை எழுதியிருப்பார்கள், அதில் exFAT என்ற சொல் இல்லையென்றால் இல்லை என்றே கொள்ள வேண்டும். டிவிக்குப் பிடிக்காத முறை என்றால் இரண்டு ஃபைல் மட்டும் விடுபடுவதில்லை, பென்டிரைவ் முழுவதுமே காலி போலத் தெரியும், அல்லது ‘ஃபார்மட் செய்யவா’ என்று டிவி கேட்கும். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாராவது ஆம் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. இரண்டு, exFAT-இல் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் நடுவில் இருந்த ஃபைல் மட்டுமல்ல, ஃபோல்டர் பட்டியலும் குழம்பலாம். காப்பி முடிந்ததும் `Eject` கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

NTFS

விண்டோஸின் சொந்த முறை. ஃபைல் எல்லை பற்றிய கவலை இல்லை, ஜர்னலும் உண்டு. FAT32-இலிருந்து உள்ளே இருப்பதை அழிக்காமலேயே மாற்றலாம் என்பது இதற்கு மட்டுமே உள்ள வசதி:

```
convert E: /FS:NTFS
```

போட்டோக்கள் எல்லாம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, முகூர்த்தம் மட்டும் போகவில்லை, எடுத்து வைக்க வேறு இடமும் இல்லை என்ற நெருக்கடியில் இது கைகொடுக்கும். டிரைவில் கொஞ்சம் காலி இடம் இருக்க வேண்டும், திரும்ப FAT32 ஆக்க வேண்டுமென்றால் ஃபார்மட்தான் வழி.

சில பழைய டிவிகளில் exFAT ஓடாது, NTFS ஓடும். அந்த டிவிகளுக்கு இதுதான் சரியான தேர்வு. ஆனால் மேக் கணினி NTFS-ஐப் படிக்க மட்டும் செய்யும், எழுதாது. பிளேஸ்டேஷன் 4 போன்ற கருவிகள் FAT32-உம் exFAT-உம் ஏற்கும், NTFS-ஐ ஏற்காது. இது ஒரு கணினியின் உள் டிஸ்க்குக்காகச் செய்த முறை என்பதால் எந்தப் பயனாளருக்கு எந்த ஃபைலில் உரிமை என்ற விவரங்களையும் கூடவே சுமந்துகொண்டு வரும். ஸ்டுடியோ கணினியில் அந்த உரிமைகளை யாராவது மாற்றி வைத்திருந்தால் வீட்டுக் கணினியில் ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வரக்கூடும். விண்டோஸ் கணினிக்கும் சோதித்துப் பார்த்த ஒரு டிவிக்கும் மட்டும் போகிற பென்டிரைவ் என்றால் NTFS நல்லது. எங்கே போகும் என்று தெரியாத பென்டிரைவுக்கு வேண்டாம்.

FAT32-லேயே, துண்டு போட்டு

டிவி, கார், பழைய மீடியா பிளேயர் என்று எதில் செருகினாலும் தெரிவதற்கு FAT32-ஐ மிஞ்ச எதுவும் இல்லை. வீடியோவை எல்லைக்குள் வெட்டிக் கொடுத்தால் போதும். மறுபடி எக்ஸ்போர்ட் செய்யத் தேவையில்லை, தரமும் குறையாது. உள்ளே இருக்கும் தரவை அப்படியே எடுத்துப் பிரித்து வைக்கிற வேலைதான், டிஸ்க்கின் வேகத்தில் சில நிமிடங்களில் முடியும்.

அளவை வைத்து இயந்திரம் வெட்டினால் தாலி கட்டும் நேரத்தில் வெட்டு விழலாம், மேளம் உச்சத்தில் இருக்கும்போது டிவி நின்று அடுத்த ஃபைலைத் தேடும். நேரத்தை நாமே கொடுப்பது நல்லது. நம் 110 நிமிட முகூர்த்தத்தில், காசி யாத்திரையும் ஊஞ்சலும் முடிவது 40-ஆம் நிமிடம், தாலி கட்டி மாலை மாற்றி வாழ்த்து தொடங்குவது 75-ஆம் நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வினாடியில் 2400, 4500. வெட்ட `ffmpeg` என்ற கருவி:

```
ffmpeg -i muhurtham.mp4 -map 0:v -map 0:a -c copy \
 -f segment -segment_times 2400,4500 \
 -reset_timestamps 1 muhurtham_%02d.mp4
```

மூன்று துண்டுகள் கிடைக்கும்: 3.6 ஜிபி, 3.15 ஜிபி, 3.15 ஜிபி. விண்டோஸில் இதை ஒரே வரியாக எழுத வேண்டும், `\` குறிகளை எடுத்துவிடுங்கள். `-map 0:v -map 0:a` என்பது படத்தையும் ஒலியையும் மட்டும் எடுக்கச் சொல்கிறது. எடிட்டிங் மென்பொருள் சேர்க்கும் டைம்கோடு போன்ற கூடுதல் தடங்கள் சில சமயம் வெட்டும் வேலையையே நிறுத்திவிடும், அதைத் தவிர்க்கத்தான் இது. வெட்டு நாம் சொன்ன வினாடியிலேயே விழாது, அடுத்த முழுப்படச் சட்டம் வரும் இடத்தில் விழும். வழக்கமான எக்ஸ்போர்ட்டில் அது சில வினாடி தள்ளிப்போகும், அதனால் காட்சி மாறும் இடத்துக்கு இரண்டு மூன்று வினாடி முன்னதாகவே எண்ணைக் கொடுத்து, ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ரிசப்ஷன் 85 நிமிடம், இரண்டே துண்டு போதும். நடுவில் 2550 வினாடியில் வெட்டினால் தலா 3.8 ஜிபி. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. 12 மெகாபிட் என்பது சராசரி. ஒளியும் ஆட்டமும் நிறைந்த முதல் பாதி அதிகம் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதி குறைவாக எடுத்துக்கொள்ளலாம். 3.8 என்று கணக்குப் போட்டது 4.4 ஆகி நின்றால் மறுபடி அதே கோளாறு. வெட்டியபின் ஒவ்வொரு துண்டின் அளவையும் பாருங்கள். பார்த்துத் திருத்த நேரமில்லை, எல்லைக்குள் இருந்தால் போதும் என்றால் `mkvmerge` என்ற கருவி அளவை வைத்தே வெட்டும்:

```
mkvmerge -o reception.mkv --split size:3900m reception.mp4
```

3900 என்று ஓரம் விட்டுக் கொடுத்திருப்பது வேண்டுமென்றே. `4g` என்று கொடுத்தால் அது 4,294,967,296 பைட், எல்லைக்கு ஒரு பைட் அதிகம். கிடைப்பது .mkv ஃபைல் என்பதால் அந்த டிவி .mkv ஓட்டுமா என்றும் பார்க்க வேண்டும்.

பெயரில் `01`, `02` என்று இரண்டு இலக்கம் இருந்தால் டிவி வரிசைப்படி ஓட்டும். தொடர்ந்து ஓட்டும் வசதி உள்ள டிவியில் துண்டுகளுக்கு நடுவே ஓரிரு நொடி இடைவெளிதான். வசதி இல்லாத டிவியில் ரிமோட்டில் ஒரு முறை அழுத்த வேண்டியிருக்கும்.

இந்த வழிக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவை FAT32 ஆக்க விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி விடாது, பட்டியலில் அந்தப் பெயரே வராது. பென்டிரைவால் முடியாது என்று பொருளல்ல, அது அந்தப் பெட்டியின் கட்டுப்பாடு மட்டும்தான். ரூஃபஸ் போன்ற கருவியிலோ லினக்ஸின் `mkfs.vfat -F 32` கட்டளையிலோ செய்துகொள்ளலாம்.

மற்ற இரண்டு

செவன்-ஜிப்பில் `-v3900m` என்று கொடுத்து 9.9 ஜிபி ஃபைலை மூன்று ஆர்க்கைவ் துண்டாக்கலாம். கணினியிலிருந்து கணினிக்கு ஒரு ஃபைலை ஒரு பைட் மாறாமல் கொண்டுபோக இது நல்ல வழி. ஆனால் டிவியில் ஓடாது, மூன்று துண்டும் சேர்ந்தால்தான் பிரியும், ஒன்று கெட்டாலும் வீடியோ முழுதாகக் கிடைக்காது. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் ஆர்க்கைவ் அதை மேலும் சுருக்காது, `-mx0` கொடுத்துச் சுருக்கும் வேலையை நிறுத்திவிட்டால் நேரமாவது மிஞ்சும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் பென்டிரைவில் இதைப் போடாதீர்கள்.

மறுபடி எக்ஸ்போர்ட் செய்து சின்னதாக்குவது இன்னும் மோசம். 110 நிமிடத்தை 4 ஜிபிக்குள் அடக்க வினாடிக்கு 5 மெகாபிட்டுக்கு இறக்க வேண்டும். பட்டுப்புடவையின் ஜரிகையும், அட்சதை பறக்கும் காட்சியும் கட்டம் கட்டமாக உடையும். ஃபைல் முறையின் பிரச்சினைக்குப் படத்தின் தரத்தைக் கொடுப்பது நியாயமில்லை.

எதை எப்போது

டிவி எது என்று தெரிந்து, அதே டிவியில் exFAT பென்டிரைவ் ஒன்றை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது என்றால் exFAT. ஒரே ஃபைலாக, எடிட் செய்தபடியே முழுப்படமும் ஓடும், மேக் வைத்திருக்கும் சொந்தக்காரரும் பார்ப்பார். நாமே வைத்துக்கொள்ளும் பிரதிக்கும், எடிட்டரிடமிருந்து ஸ்டுடியோவுக்குப் போகும் பென்டிரைவுக்கும் தயங்காமல் exFAT.

டிவி எது என்றே தெரியாது, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று, ஊரில் தாத்தா பாட்டிக்கு ஒன்று என்று போகிறது என்றால் துண்டு போட்ட FAT32. exFAT-தான் நவீனம், அதையே எல்லோருக்கும் கொடுங்கள் என்று பலர் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. இங்கே தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். துண்டு போட்டதில் வரும் நட்டம் ரிமோட்டில் ஒரு பொத்தான். டிவிக்குப் புரியாத exFAT-இல் வரும் நட்டம் பென்டிரைவ் முழுவதும். வெட்டும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்தால் துண்டுகள் குறையாகவும் தெரியாது, காசி யாத்திரை, மாங்கல்ய தாரணம், வாழ்த்து என்று தனித்தனியே எடுத்துப் பார்ப்பதைப் பெரியவர்கள் விரும்பவும் செய்வார்கள்.

கையேட்டில் NTFS மட்டும் இருந்து exFAT இல்லை, துண்டு போடவும் விருப்பமில்லை என்றால் NTFS.

போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கண்ணால் ஃபோல்டரைப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. குறைந்தபட்சம் மூல ஃபோல்டர், பென்டிரைவ் ஃபோல்டர் இரண்டுக்கும் `Properties` திறந்து, ஃபைல் எண்ணிக்கையும் `Size` வரியில் உள்ள முழு பைட் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். `Size on disk` வரியைப் பார்க்க வேண்டாம், அது முறைக்கு முறை மாறும். நம் எடுத்துக்காட்டில் இரண்டு ஃபைல் குறைவு என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். வெட்டுப்பட்ட ஃபைல் என்றால் எண்ணிக்கை சரியாக இருந்து பைட் மட்டும் குறையும்.

காப்பியை `robocopy`-யில் போடுவது இன்னும் நல்லது, முடிவில் `FAILED` என்ற பத்தியில் தோற்றவற்றின் எண்ணிக்கையைக் காட்டும், பதிவும் எழுதி வைக்கும்:

```
robocopy D:\Kalyanam E:\Kalyanam /E /R:1 /W:1 /FFT /LOG:D:\copy.txt
```

`/R:1 /W:1` பத்து லட்சம் முயற்சியை ஒன்றாகக் குறைக்கிறது. `/FFT` ஏன் என்றால், FAT32 நேரத்தை இரண்டு வினாடிக் கணக்கில்தான் குறிக்கும், இது இல்லாவிட்டால் அடுத்த முறை ஒப்பிடும்போது மாறாத ஃபைலும் மாறியதாகத் தோன்றும். முடிந்தபின் அதே வரியில் `/L` சேர்த்து, `/LOG` பகுதியை எடுத்துவிட்டு ஓட்டினால் எதையும் எழுதாமல் வித்தியாசத்தை மட்டும் பட்டியலிடும். ஃபோல்டர் பெயர்கள் வரலாம், ஃபைல் பெயர் எதுவும் வரக் கூடாது.

இது அளவையும் நேரத்தையும்தான் ஒப்பிடும். உள்ளே இருப்பதும் அதேதானா என்று உறுதிசெய்ய, பென்டிரைவை `Eject` செய்து எடுத்து, மறுபடி செருகி, பெரிய ஃபைல்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் `Get-FileHash` ஓட்டி எழுத்துகளை ஒப்பிடலாம். எடுத்துச் செருகுவது எதற்கென்றால், இல்லாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் வைத்திருப்பதையே படித்துவிட்டுச் சரி என்று சொல்லக்கூடும்.

மேக்கிலிருந்து போட்ட பென்டிரைவில் டிவி `._muhurtham_00.mp4` என்பது போல ஒவ்வொரு வீடியோவுக்கும் இன்னொரு பெயரையும் காட்டலாம், அது ஓடாது. அது வெட்டுப்பட்ட வீடியோ அல்ல, மேக் எழுதும் சின்னத் துணை ஃபைல். `dot_clean -m` கட்டளைக்குப் பென்டிரைவின் பாதையைக் கொடுத்தால் நீங்கிவிடும்.

பைட் எண்ணிக்கை ஒத்துப்போகும் வரை கேமரா கார்டையும் எடிட் ஃபோல்டரையும் அழிக்காதீர்கள். மூலம் போய்விட்டு, கையில் 4,294,967,295 பைட் ஃபைல் மட்டும் மிஞ்சினால் அதிலிருந்து மீட்கக்கூடியது எல்லை வரை எழுதிய காட்சி மட்டும்தான். அட்டவணை இழந்த .mp4-ஐ, அதே கேமராவிலோ அதே எக்ஸ்போர்ட் அமைப்பிலோ உருவான நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து `untrunc` என்ற கருவியில் முயலலாம், நம் முகூர்த்தத்தில் முதல் 47 நிமிடம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிந்தைய 63 நிமிடம் அந்தப் பென்டிரைவில் ஒருபோதும் எழுதப்படவே இல்லை, எந்த மீட்புக் கருவியாலும் அதைக் கொண்டுவர முடியாது.